தீபாவளிக்கு வாங்கியது ஆடி வரை நிற்கலாமா?

“சரக்கு என்ன, சோறா கேட்குது? கிடக்கட்டும், எப்பவாவது போகும்.” தீபாவளி முடிந்த வாரத்தில் ஜவுளிக் கடைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. மிஞ்சிய சுடிதார் செட்டுகள் அட்டைப் பெட்டிக்குள் போய் மாடி ஏறிவிடும். ஆடித் தள்ளுபடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிடுவார். போட்ட முதலுக்குக் கீழே விற்க யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தின் பெயர்தான் பல கடைகளில் பொறுமை.

உண்மையில் சரக்கு சோறு கேட்கிறது. அதற்கென்று தனியாக ஒரு பில் வராததால் நமக்குத் தெரிவதில்லை. வட்டியை வங்கி மாதக் கடைசியில் மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறது. வாடகை மொத்தக் கடைக்கும் சேர்த்துப் போகிறது. அழுக்கானது, எலி கடித்தது, எண்ணிக்கையில் குறைந்தது எல்லாம் மார்ச் மாத ஸ்டாக் கணக்கெடுப்பில் ஒரே வரியாகக் கரைந்துவிடுகின்றன. இவற்றைப் பிரித்து ஒரு பீஸுக்கு மாதம் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால்தான், எதை எப்போது என்ன விலைக்குத் தள்ளுவது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். இதை இருப்புச் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

நடுத்தர ஊர் ஒன்றில் இருக்கும் ரெடிமேட் கடையைக் கற்பனை செய்யுங்கள். தீபாவளிக்காக ஒரு டிசைனில் 120 சுடிதார் செட்டுகள் வாங்கினார்கள். வாங்கிய விலை 600 ரூபாய், ஒட்டிய விலை 999. தீபாவளி அன்று 50 மிஞ்சிவிட்டது. ஜிஎஸ்டியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம்.

முதலில் வட்டி. வங்கியின் கேஷ் கிரெடிட்டும், வெளியில் வாங்கிய கைமாற்றும் கலந்து வருடத்துக்கு 15 சதவீதம் என்றால், 600 ரூபாய்க்கு மாதம் 7.50. கண்டிப்பாகப் பார்த்தால் இந்த வட்டியை வாங்கிய விலைக்குப் போடக் கூடாது, இன்று தள்ளிவிட்டால் கிடைக்கும் தொகைக்குத்தான் போட வேண்டும். இந்தக் கடையில் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் 600ஐயே வைத்துக்கொள்ளலாம். “என் கைக்காசு போட்டு வாங்கியது, எனக்கு வட்டியே இல்லை” என்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அந்தப் பணம் வேறு எங்காவது இருந்தால் ஏதாவது சம்பாதித்திருக்கும் அல்லவா?

அடுத்தது இடம். வாடகை, கரண்ட், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 60,000. அலமாரிகளில் 6,000 பீஸ் பிடிக்கும். ஆக ஒரு பீஸ் உட்காரும் இடத்துக்கு 10 ரூபாய். ஆனால் இந்தப் பத்து ரூபாயை எல்லா மாதமும் எழுதுவது நியாயமில்லை. அலமாரி எப்படியும் காலியாகத்தான் இருக்கும் என்கிற மாசி மாதத்தில் பழைய சுடிதார் அங்கே உட்கார்வதால் கடைக்குப் புதிய நஷ்டம் எதுவும் கிடையாது. புதுச் சரக்கு இடம் கேட்கும்போதுதான் இடத்துக்கு விலை வருகிறது. வருடம் முழுவதற்கும் சராசரியாக 5 ரூபாய் வைப்போம். அழுக்கு, மடிப்பில் சாயம் வெளுப்பது, களவு, காப்பீடு இவற்றுக்கு 2.50. மொத்தம் மாதம் 15 ரூபாய்.

600 ரூபாய்ப் பொருளுக்கு மாதம் 15 என்பது பெரிதாகத் தெரியாது. ஆடி வரை 9 மாதம் என்றால் 135. ஒட்டிய விலைக்கே விற்றாலும் கிடைக்கும் லாபம் 399தான். அதில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே போய்விடுகிறது. ஆனால் ஒன்பது மாதம் கழித்து ஒட்டிய விலைக்கு யார் வாங்கப் போகிறார்கள்? நின்ற துணியின் பெரிய செலவு வட்டியும் வாடகையும் அல்ல, அதன் விலையே தேய்ந்துபோவதுதான். சென்ற வருடக் கழுத்து வேலைப்பாட்டை வாடிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். போதாததற்கு நடுவில் இருக்கும் சைஸ்கள் எல்லாம் போய், ஓரத்து சைஸ்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். பத்துப் பேர் கையில் எடுத்தாலும் இரண்டு பேருக்குத்தான் சேரும்.

இனி இரண்டு வழிகளையும் ஓட்டிப் பார்ப்போம். முதல் வழி, தீபாவளி முடிந்த கையோடு கால் பங்கு குறைத்து 749 ரூபாய்க்கு வைப்பது. கார்த்திகை, மார்கழியில் 35 பீஸ் போகிறது என்போம். மிச்சம் 15ஐப் பொங்கலுக்குப் பிறகு 599க்குக் கொடுத்து முடிக்கிறார்கள். வரவு 26,215ம் 8,985ம் சேர்ந்து 35,200 ரூபாய். முதல் 35 பீஸ் சராசரியாக ஒரு மாதமும் அடுத்த 15 பீஸ் மூன்று மாதமும் நின்றிருக்கும். அதற்கான இருப்புச் செலவு 1,200. கையில் நிற்பது 34,000.

இரண்டாவது வழி, 999ஐ விட்டு இறங்காமல் ஆடிக்குக் காத்திருப்பது. இடைப்பட்ட எட்டு மாதத்தில் 12 பீஸ் முழு விலைக்கே போகலாம், அது 11,988 ரூபாய். ஆடியில் 30 பீஸ் 499க்குப் போகிறது, 14,970. அப்போதும் போகாத 8 பீஸை லாட்டாக எடுப்பவர் ஒன்று 150 என்று அள்ளிக்கொள்கிறார், 1,200. மொத்த வரவு 28,158. இந்த மாதங்களின் இருப்புச் செலவு 5,850. மிச்சம் 22,308. இரண்டு வழிகளுக்கும் வித்தியாசம் 11,700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஒரே ஒரு டிசைனில்.

இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடையில் 749க்கு 35 பீஸ் போகாமல் 20தான் போகலாம், அப்போது வித்தியாசம் சுருங்கும். எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்த வகைத் துணியில் காத்திருப்பவர் ஜெயிக்க வேண்டுமென்றால், இடைப்பட்ட மாதங்களில் முழு விலை விற்பனை மிக நன்றாக நடக்க வேண்டும். அப்படி நடக்கிற துணி பெரும்பாலும் மிஞ்சியே இருக்காது.

மாடி ஏறும் முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வகுத்தல் போதும். கையில் இருப்பது 50, தீபாவளிக்குப் பிறகு மாதம் ஒன்றோ இரண்டோதான் போகிறது என்றால், இந்த வேகத்தில் தீர்வதற்கு ஏறக்குறைய 33 மாதம். பில் போடும் மென்பொருள் பலவற்றில் சரக்கின் வயதைக் காட்டும் அறிக்கை இருக்கும், டேலியிலும் உண்டு. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் விலைச் சீட்டின் மூலையில் வாங்கிய விலையையும் மாதத்தையும் ரகசிய எழுத்துகளில் குறித்து வைத்தார்கள். சேல்ஸ்மேன் சீட்டைப் பார்த்ததுமே, இது பழசு, இதில் இறங்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் போய் பார்கோடு வந்த பிறகு, துணியைக் கையில் எடுப்பவருக்கு அதன் வயது தெரியாமலே போய்விட்டது.

இனி, நான் அதிகம் பார்க்கும் தவறு. எட்டு மாதம் கழித்து அதே சுடிதாருக்கு ஒருவர் 550 கேட்கிறார். முதலாளி மனக்கணக்குப் போடுகிறார்: “600 போட்டேன். எட்டு மாசத்துக்கு 120 ரூபாய் செலவு ஆகியிருக்கு. 720க்குக் கீழே எப்படிக் கொடுக்கிறது?” இருப்புச் செலவைக் கற்றுக்கொண்டவர்தான் இந்தத் தவறைச் செய்வார், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 600ம் போய்விட்டது, 120ம் போய்விட்டது. இன்று எந்த முடிவை எடுத்தாலும் அவை திரும்பப் போவதில்லை. நின்ற மாதங்களின் செலவை விலையில் ஏற்றினால் துணி இன்னும் சில மாதம் நிற்கும், செலவும் இன்னும் ஏறும். விலையைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியது இனிமேல் வரப்போகும் செலவை மட்டும். அது விலையை மேலே தூக்காது, கீழேதான் இழுக்கும்.

அந்த 550ஐயே எடுத்துக்கொள்வோம். வேண்டாம் என்று சொல்லி மூன்று மாதம் காத்திருந்தால் 45 ரூபாய் செலவு. அப்போது 595க்குக் கீழே போனால் இன்று கொடுத்திருப்பதே மேல். இதுவும்கூட, நிச்சயமாக விற்கும் என்றால்தான். பத்தில் ஏழுதான் போகும், மிச்சம் மூன்று 150 ரூபாய்க்கு லாட்டில் போகும் என்பது உங்கள் அனுபவமானால், அந்த ஏழும் ஆளுக்கு 786 ரூபாய் கொண்டுவந்தால்தான் இன்றைய 550க்குச் சமமாகும். பழைய டிசைனுக்கு மூன்று மாதம் கழித்து 786 கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது என்று கடைக்காரருக்கே தெரியும். கணக்காக எழுதிப் பார்க்காததால்தான் நம்பிக்கை மிஞ்சியிருக்கிறது.

அப்படியானால் ஆடித் தள்ளுபடியே தப்பான ஏற்பாடா? இல்லை, அது எந்தச் சரக்குக்கு என்பதில்தான் குழப்பம். ஆடியில் பெரும்பாலான குடும்பங்களில் கல்யாணம் கிடையாது, கடையில் கூட்டம் இருக்காது. அதற்கு அடுத்து ஆவணி முகூர்த்தங்கள், பின்னாலேயே தீபாவளிக் கொள்முதல். ஜூலை நடுவில் காலியாக இருக்கும் அலமாரிக்கு மதிப்பு குறைவு. அதே அலமாரி செப்டம்பரில் கடையிலேயே விலை உயர்ந்த இடம். பணமும் அப்படித்தான். ஆகஸ்டில் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் சூரத்துக்கும் கொள்முதலுக்குப் போகும்போது கையில் ரொக்கம் இருந்தால் விலையில் குறைத்துக் கொடுப்பார்கள். ஆக, இருப்புச் செலவு மாதா மாதம் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆடி முடிந்ததும் சட்டென்று தாவுகிறது. சராசரி என்று நாம் வைத்த 15 ரூபாய் அந்த மூன்று மாதங்களில் 30ஆகக்கூட ஆகலாம். தாவுவதற்கு முந்தின மாதத்தில் கடையைத் துடைத்துவிட வேண்டும் என்பது ஆடித் தள்ளுபடியின் உள்ளே இருக்கும் கணக்கு.

பொங்கலுக்கும் சித்திரைக்கும் வாங்கி மிஞ்சியதை, கோடைக்கு வாங்கிய காட்டனை ஆடியில் தள்ளுவது பொருத்தம். தீபாவளியின் மிச்சத்தை ஒன்பது மாதம் சுமந்து ஆடிக்குக் கொண்டுவருவதுதான் பொருந்தவில்லை. அதைவிட விசித்திரம், தள்ளுபடியில் விற்பதற்காகவே தனியாக மட்டமான ஆடிச் சரக்கு வாங்கிக் குவிப்பது. கூட்டத்தை இழுக்க அது உதவலாம், ஆனால் பழைய சரக்கு அந்தக் குவியலுக்கு அடியில் மறுபடியும் தங்கிவிடும். ஆடி முடிந்து எண்ணிப் பார்த்தால் விற்பனை கூடியிருக்கும், மாடிப் பெட்டிகள் குறைந்திருக்காது.

தீபாவளி மிச்சத்தை உடனே தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பண்டிகைச் சரக்கு பெரும்பாலும் கடனுக்கு வருகிறது. 45 நாள், 60 நாள் தவணை முடிகிற வரை அந்தத் துணியைச் சுமப்பது உற்பத்தியாளரின் பணம். தீபாவளியை ஒட்டித் தவணை முடிந்ததும் மிஞ்சிய சுமை முழுவதும் கடைக்காரர் தலைக்கு மாறுகிறது. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்காமல், வருடக் கடைசியில் பாக்கியும் வைத்திருந்தால், அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. தவணையை இழுத்துப் பழைய சரக்கைச் சுமக்கும் வழக்கம் இதனால் இன்னும் செலவு பிடித்ததாகிவிட்டது.

எல்லாத் துணியும் இந்தக் கணக்கில் அடங்காது. ஜரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டின் விலையில் பட்டு நூலும் வெள்ளியும் இருக்கின்றன. வெள்ளி ஏறுகிற வருடத்தில், ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய புடவையை இன்று நெசவாளரிடம் கேட்டால் விலை கூடுதலாக இருக்கும். முகூர்த்த மாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆவணியில் முழு விலைக்குப் போகக்கூடிய கல்யாணப் பட்டை ஆடியில் முப்பது சதவீதம் குறைப்பதில் அர்த்தமில்லை; ஒரு மாத இருப்புச் செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பட்டுக்கும் வயது உண்டு. ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்பு ஓடிய இடத்தில் இழை விடும், ஜரிகை கறுக்கும். பிரித்துத் திருப்பி மடிக்க ஆள் வேண்டும். நிறமும் கரையும் வழக்கு ஒழிந்துபோன புடவையை வெள்ளி விலை முழுவதும் காப்பாற்றிவிடாது.

மெதுவாகத்தான் போகும் என்று முதலிலேயே தெரிந்த பொருளுக்குத்தான் இருப்புச் செலவை விலையில் மேலே ஏற்றலாம், அதுவும் வாங்குகிற அன்றைக்கே. பெரிய அளவு சட்டைகள், பட்டு வேட்டியில் சில ரகம், பள்ளிச் சீருடையில் அரிதான நிறம் போன்றவை எட்டு மாதம் நின்றுதான் போகும், ஆனால் கடையில் இருக்க வேண்டும். மாதம் 2.5 சதவீதம் என்ற நம் கணக்குப்படி எட்டு மாதத்துக்கு 20 சதவீதம். மாதத்துக்கு ஒரு சுற்று சுற்றும் வெள்ளைச் சட்டையில் 25 சதவீதம் வைத்து நிம்மதியாக இருப்பவர், இதில் 42.5 வைத்தால்தான் அதே நிலைக்கு வருவார். இரண்டுக்கும் ஒரே சதவீதம் வைத்து விலை ஒட்டும் கடைகளில், வேகமாகப் போகும் சட்டையை வாங்குபவர்தான் மெதுவாகப் போகும் சட்டையின் வாடகையைக் கட்டுகிறார். பக்கத்துக் கடை அந்த வெள்ளைச் சட்டையை இருபது ரூபாய் குறைத்ததும் அவரும் போய்விடுவார்.

குறைப்பது என்று முடிவானால் எவ்வளவு, எத்தனை முறை? ஐந்து ஐந்து சதவீதமாக மாதா மாதம் இறக்குவது மனதுக்கு வலிக்காத வழி, கடைக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. வாடிக்கையாளர் கண்ணில் ஐந்து சதவீதம் படுவதே இல்லை, இருப்புச் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபைலீன்ஸ் கடை தன் அடித்தளத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொருளிலும் அது விற்பனைக்கு வந்த தேதி இருக்கும். 12 விற்பனை நாள் தாண்டினால் கால் பங்கு குறையும், 18 நாள் தாண்டினால் பாதி, 24 தாண்டினால் முக்கால், 30 நாளில் தர்மத்துக்குப் போய்விடும். இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது, இங்கே பேரம் பேசுபவர் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பார். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குறைக்கும் தேதியைச் சரக்கை விற்பனைக்கு வைக்கிற அன்றே முடிவு செய்துவிட்டார்கள். சரக்கு நின்ற பிறகு, போட்ட முதலை நினைத்து வருத்தப்படுகிற ஆள் கையில் அந்த முடிவை விடவில்லை.

எவ்வளவு குறைப்பது என்பதில் வரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. வரி இல்லாமல் 2,800 ரூபாய்க்கு நிற்கும் ஒரு குர்தா செட்டை வாடிக்கையாளர் 3,304 கொடுத்து வாங்க வேண்டும். கடை 301 ரூபாய் இறங்கி 2,499க்கு வைத்தால் வாடிக்கையாளர் கொடுப்பது 2,624. கடை விட்டது 301, வாடிக்கையாளருக்கு மிச்சம் 680. 2,600க்கு இறக்கிவிட்டுத் தள்ளுபடி கொடுத்தேன், ஆனாலும் போகவில்லை என்று சொல்பவர் இந்தக் கோட்டுக்கு நூறு ரூபாய் முன்னால் நின்றுவிட்டார். புடவைக்கு இது பொருந்தாது, அது தைக்காத துணிக் கணக்கில் வருகிறது.

எதற்குமே போகாத கடைசி மிச்சத்தைப் பலர் மூட்டை கட்டி இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது கணக்கிலிருந்து எழுதித் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சரக்கை வாங்கியபோது எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். வாங்கிய விலைக்கு எவ்வளவு கீழே போனாலும், உண்மையாகவே விற்று, பில் போட்டிருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் மிச்சச் சரக்கை லாட்டாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 600 ரூபாய்ச் சுடிதாருக்கு 150 சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசிக் கூட்டத்துக்கு நடுவில் அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மாதம் பத்து ரூபாய், மேலே வட்டி. அடுத்த வருடம் அதே ஆள் 150கூடச் சொல்ல மாட்டார்.